உரைகல்லை உரைத்துப் பார்த்தோமா?

நம் சங்கத்தின் ஆண்டுக் கட்டுரைப் போட்டிக்கு வரும் கட்டுரைகளை இனிமேல் கணிப்பொறிக் கருவி ஒன்றின் வழியாகச் செலுத்தி, மனிதர் எழுதியது எது, செயற்கை நுண்ணறிவு எழுதியது எது என்று பிரித்த பின்னரே நடுவர்களிடம் அளிக்க வேண்டும் என்றொரு யோசனை நம்மிடையே எழுந்துள்ளது. யோசனை கூறிய அன்பர்களின் நோக்கம் தூயது. இயந்திரத்திடம் எழுதி வாங்கித் தம் பெயரில் அனுப்பும் பிள்ளைகள் இன்று உள்ளனர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த யோசனையை நான் எதிர்க்கிறேன். பொன்னை உரைக்க வந்த கல்லையே நாம் இன்னும் உரைத்துப் பார்க்கவில்லை.

இக்கருவி எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் காண்போம். மனிதர் எழுதிய எழுத்துகள் ஒரு குவியலாகவும், இயந்திரம் எழுதிய எழுத்துகள் மற்றொரு குவியலாகவும் திரட்டப்படுகின்றன. ஒவ்வொன்றின்மீதும் 'மனிதன்' அல்லது 'இயந்திரம்' என்று சீட்டு ஒட்டப்படுகிறது. பின்னர், சீட்டைக் காணாமலேயே அதைச் சரியாக ஊகிக்கும் வரை ஒரு கணிப்பொறி நிரல் மீண்டும் மீண்டும் திருத்தப்படுகிறது. இறுதியில் அந்நிரல் கற்றுக்கொள்வது, அவ்விரண்டு குவியல்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மட்டுமே. மனிதன் என்றால் யார் என்பதை அது கற்பதில்லை, கற்கவும் இயலாது.

ஆகவே, மனிதக் குவியலில் இருந்தோர் யாவர் என்பதே முதல் வினா. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் தனது ஜிபிடி-2 என்னும் மொழி இயந்திரத்தின் எழுத்தைக் கண்டறிய ஒரு கருவியை வெளியிட்டது. அதனோடு வெளியிடப்பட்ட தொகுப்பில் மனித எழுத்துக்குச் சான்றாக 2,50,000 ஆவணங்கள் இருந்தன. அவை ரெடிட் என்னும் இணையத்தளத்தில் பயனர்கள் சுட்டிக்காட்டி, மற்றவர்களிடம் மூன்று மதிப்பெண்ணாவது பெற்ற இணையப் பக்கங்களிலிருந்து எடுத்த ஆங்கில எழுத்துகள். மனித எழுத்துக்கு அங்கே இலக்கணமாக நின்றது அந்த ஒரு கூட்டத்தாரின் விருப்பமே. பள்ளி மாணவர் பயிற்சி ஏட்டில் எழுதும் ஆங்கிலமோ, நம் அரசு அலுவலகக் கோப்புகளில் ஓடும் ஆங்கிலமோ அவ்வாறு சுட்டப்பட்டு மதிப்பெண் பெறுவது அரிது. தமிழைப் பற்றிச் சொல்லவே வேண்டா.

இனி, அக்கருவிகள் எதைப் பார்த்துத் தீர்ப்பளிக்கின்றன? அவற்றுள் பல கருவிகள் நாடும் ஓர் அளவையைப் பெர்ப்ளெக்சிட்டி என்பர். நாம் அதை வியப்பளவு எனலாம். ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் படித்துச் செல்லும்போது, அடுத்து இன்ன சொல் வரும் என்று மொழி இயந்திரம் ஊகித்துக்கொண்டே செல்கிறது. ஊகம் அடிக்கடி பலித்தால் வியப்பளவு குறைவு. அடிக்கடி தவறினால் மிகுதி. மொழி இயந்திரம் தானே எழுதும்போது பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்க சொற்களையே தேர்ந்தெடுக்கிறது. எனவே வியப்பளவு குறைந்த எழுத்தை இயந்திரத்தின் எழுத்து என்று கருவி முடிவு கட்டுகிறது.

இந்த முடிவில்தான் பிழை ஒளிந்திருக்கிறது. இயந்திரத்தின் எழுத்தில் வியப்புக் குறைவு என்பது உண்மையாகவே இருக்கட்டும். வியப்புக் குறைந்த எழுத்தெல்லாம் இயந்திரத்தின் எழுத்து என்பது அதிலிருந்து எவ்வாறு பெறப்படும்? காக்கை கறுப்பு என்பதனால் கறுத்ததெல்லாம் காக்கையாகுமா? ஒரு மொழியைப் பள்ளியில் கற்றுப் பயின்றவன், தனக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களையும் இலக்கணம் வழுவாத சிறு வாக்கியங்களையுமே நாடுவான். அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகக் குறிப்பெழுதி வரும் என்போன்ற எழுத்தருக்கோ, முன்னோர் வகுத்த வாய்பாட்டிலிருந்து விலகாமையே கடமை. 'தங்கள் கடிதத்தைச் சுட்டி' என்று தொடங்கி 'ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்று முடியும் கோப்புக் குறிப்பில் வியப்புக்கு ஏது இடம்? எங்களைப் போன்றோரின் அடக்கமான நடை, கருவியின் கண்ணுக்கு இயந்திரத்தின் நடையாகத் தோன்றும்.

இஃது என் கற்பனையன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ஆம் ஆண்டில் இதனைச் சோதித்து வெளியிட்டனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளையும், அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர் எழுதிய 88 கட்டுரைகளையும் ஏழு கருவிகளிடம் அளித்தனர். அனைத்தும் மனிதர் எழுதியவையே. அமெரிக்கச் சிறுவர்களின் கட்டுரைகளைக் கருவிகள் ஏறத்தாழப் பிழையின்றி மனித எழுத்தென்று ஏற்றன. டோஃபல் கட்டுரைகளிலோ, சராசரியாக நூற்றுக்கு 61-க்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்றன. ஏழு கருவிகளும் ஒருமனதாகக் குற்றம் சாட்டியவை 18. ஒரு கருவியிடமேனும் சிக்கியவை 89. ஏழிடமும் தப்பியவை இரண்டே இரண்டு!

அடுத்து அவர்கள் செய்ததே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடி என்னும் இயந்திரத்திடம் கொடுத்து, ஆங்கிலேயர் எழுதியது போலச் சொல்வளத்தைக் கூட்டித் தருமாறு பணித்தனர். அவ்வாறு இயந்திரத்தின் கை பட்ட பிறகு, குற்றச்சாட்டு நூற்றுக்கு 12-க்கும் கீழே இறங்கிவிட்டது. அமெரிக்க மாணவரின் கட்டுரைகளை எளிய சொற்களுக்கு மாற்றியபோது அவற்றின்மீது ஐயம் ஏறியது. தன் கையால் எழுதியவன் குற்றவாளி. இயந்திரத்தைக் கொண்டு மெருகேற்றியவன் நிரபராதி. நேர்மையைக் காக்க வந்த கருவி, நேர்மையற்ற வழிக்கே மாணவனைத் தள்ளுகிறது.

'பிழை சிறிது இருந்தால் என்ன? பெரும்பாலும் சரியாகச் சொன்னால் போதாதா?' என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஒரு கணக்கு. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2023 சனவரி 31-இல் புதியதொரு கண்டறி கருவியை வெளியிட்டது. தாங்கள் சோதித்த ஆங்கில எழுத்துகளில், இயந்திரம் எழுதியவற்றுள் நூற்றுக்கு 26-ஐ அது பிடிக்கும் என்றும், மனிதர் எழுதியவற்றுள் நூற்றுக்கு 9-ஐத் தவறாகப் பிடிக்கும் என்றும் அந்நிறுவனமே அறிவித்தது. 1,000 கட்டுரைகள் வருவதாகவும் அவற்றுள் 100 இயந்திரம் எழுதியவை என்றும் கொள்வோம். பிடிபடும் பொய்க் கட்டுரைகள் 26. எஞ்சிய 900 நேர்மையான கட்டுரைகளில் நூற்றுக்கு 9 வீதம் பிடிபடுவன 81. ஆகக் குற்றம் சாட்டப்பட்ட 107 பேரில் 81 பேர் நிரபராதிகள். பொய் எழுதிய 74 பேரோ பரிசு பெற வரிசையில் நிற்பர். துல்லியம் போதாது என்று கூறி அந்நிறுவனமே அக்கருவியை அதே ஆண்டு சூலை மாதத்தில் விலக்கிக்கொண்டது.

'அது பழைய கருவி. இன்றைய கருவிகளின் பிழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை' என்பர். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவ்வாறு கூறப்பட்ட ஒரு கருவியைப் பற்றிக் கணக்கிட்டுப் பார்த்தது. 2022-இல் அங்கே அளிக்கப்பட்ட கட்டுரைகள் 75,000. நூற்றுக்கு ஒன்று என்றாலும் 750 கட்டுரைகள் வீண்பழிக்கு ஆளாகும். 2023 ஆகஸ்டில் அப்பல்கலைக்கழகம் அக்கருவியை நிறுத்திவிட்டது. மேலும், நூற்றுக்கு ஒன்று என்பது எல்லோர்மீதும் சமமாக விழும் மழையன்று. எவருடைய நடை பயிற்சிக் குவியலில் இடம்பெறவில்லையோ, அவர்மீதே அது மீண்டும் மீண்டும் விழும்.

இனி நம் போட்டிக்கு வருவோம். இங்கே வருபவை தமிழ்க் கட்டுரைகள். விலக்கிக்கொள்ளப்பட்ட அக்கருவியை வெளியிட்டபோது அந்நிறுவனமே இரண்டு எச்சரிக்கைகளை விடுத்திருந்தது. பிற மொழிகளில் அதன் திறன் மிகவும் குறைவு, ஆதலால் ஆங்கிலத்துக்கு மட்டுமே பயன்படுத்துக என்பது ஒன்று. பயிற்சியில் கண்டவற்றினின்று பெரிதும் வேறுபட்ட எழுத்தை எதிர்கொள்ளும்போது, கருவி சில சமயம் தவறான விடையையே மிக்க உறுதியோடு கூறும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது எச்சரிக்கையை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தெரியாததைக் கண்டால் 'எனக்குத் தெரியாது' என்று இக்கருவிகள் சொல்லும் என நம்புவதற்கில்லை. இரண்டே சீட்டுகளோடு பயின்ற நிரல், எதைக் கொடுத்தாலும் அவ்விரண்டை வைத்தே அளக்கும். அதன் திரையில் 97 என்று எண் தோன்றினால், அது நூற்றுக்கு 97 உண்மை என்று பொருளன்று. தான் கண்ட இரு குவியல்களை வைத்துப் பார்க்கையில் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதே பொருள்.

நம் பிள்ளைகளின் தமிழோ எங்கும் பதிவாகாத தமிழ். வீட்டில் பேச்சுத் தமிழ் கேட்டு, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்து, ஞாயிற்றுக்கிழமை சங்க வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்ற குழந்தை எழுதும் தமிழ் அது. ஒற்று மிகும், மிகாமலும் போகும். பாடநூலில் கண்ட வாக்கியத்தையே சற்று மாற்றி எழுதும். இந்தி வாக்கிய அமைப்பு இடையே எட்டிப் பார்க்கும். இத்தகைய நடை எந்தக் கருவியின் குவியலில் இருந்திருக்கக்கூடும்? பாரதியாரைப் பற்றி ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி கற்ற நான்கு வாக்கியங்களை ஒழுங்காக எழுதினால், 'இயந்திரம்' என்னும் பட்டம்! தமிழ் எழுதத் துணிந்த குழந்தையை நாமே அவ்வாறு இகழ்ந்தால், அடுத்த ஆண்டு அவள் நம் வாயிற்படி ஏறுவாளா?

கருவி வேண்டும் என்று இதற்குப் பின்னும் வற்புறுத்துவோருக்கு என் கோரிக்கை ஒன்றே. சங்கத்தின் அலமாரியில் பழைய போட்டிக் கட்டுரைகள் கட்டுக்கட்டாக உள்ளன. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30-இல். 2019-க்கு முற்பட்ட கட்டுரைகளில் நூற்றை எடுத்துத் தட்டெழுதி அக்கருவியிடம் கொடுங்கள். அவற்றுள் ஒன்றை இயந்திரம் எழுதியது என்று கூறினாலும் அது ஐயத்துக்கிடமின்றிக் கருவியின் பிழையே. நூறில் ஒன்றுகூடச் சிக்காவிட்டாலும், நூற்றுக்கு மூன்று வரை பிழை மறைந்திருக்கக்கூடும் என்பது புள்ளியியல் கூறும் கணக்கு. இச்சோதனைக்கு உடன்படாதவர், பிள்ளைகளைச் சோதிக்கும் தகுதியைக் கோரலாகாது.

பொய்யைத் தடுக்க நமக்கு வழியில்லாமல் இல்லை. போட்டியை நம் கூடத்திலேயே வைப்போம். தலைப்பை அங்கேயே அறிவித்து, ஒன்றரை மணி நேரம் தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் செய்வோம். தேர்ந்த பத்துப் பேரையும் அழைத்து, அவர்கள் எழுதியதிலிருந்து இரண்டு வினாக்கள் கேட்போம். எழுதியவன் விடை கூறுவான். அதற்கு வேண்டுவன ஒரு ஞாயிற்றுக்கிழமையும், பொறுமையுள்ள மூன்று நடுவர்களுமே. அந்த உழைப்புக்கு அஞ்சி, யாரோ எங்கோ திரட்டிய இரு குவியல்களிடம் நம் பிள்ளைகளின் நாணயத்தை ஒப்படைக்க வேண்டா.