எரித்தாலும் தீராத பிளாஸ்டிக்

2021 மே 20 அன்று கொழும்புக்கு அருகே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் தீப்பிடித்தது. அதில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் இருந்தன. சில நாட்களில் இலங்கையின் மேற்குக் கரையில் வெள்ளைக் குருணைகளோடு கருகிய துண்டுகளும் வந்து ஒதுங்கின. எரியாத குருணையைவிட எரிந்த துண்டில் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமான வேதிப்பொருள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கருகியவை பார்வைக்குக் கல்லைப் போல இருந்ததால் பொறுக்குவதும் சிரமமாக இருந்தது.

நாள்கணக்கில் எரிந்த தீயும் பிளாஸ்டிக்கை இல்லாமல் ஆக்கவில்லை.

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் சாயங்காலம் வாசலைக் கூட்டி வைக்கும் தீயிலும் இதேதான் நடக்கிறது. சருகோடு பால் கவர், தெர்மாகோல் துண்டு, கிழிந்த வலை, கயிறு எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. குப்பை வண்டி தினமும் வராத தெருவில், கொசுவுக்கும் நாற்றத்துக்கும் பயந்து கொளுத்துகிறார்கள். அந்தச் சிரமம் உண்மையானது. ஆனால் சாம்பலைக் கிளறிப் பார்த்தால் உருகி இறுகிய கறுப்புக் கட்டிகள் கிடைக்கும். அது பாதி வெந்த பிளாஸ்டிக். அந்தச் சாம்பலைத் தென்னைக்குப் போட்டால் கட்டியும் மண்ணுக்குள் போகிறது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு டயாக்ஸின். அது உருவாகக் குளோரின் வேண்டும். பிவிசி குழாயிலும் வயர் உறையிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. கடற்கரைக் குப்பையில் இன்னொரு வழியும் உண்டு: கடல்நீரில் ஊறிய வலையிலும் கயிற்றிலும் ஒட்டியிருக்கும் உப்பிலும் குளோரின்தான் இருக்கிறது. உப்பேறிய மரத்தை எரித்தாலே டயாக்ஸின் கூடுவது கனடாவின் மேற்குக் கரை ஆலைகளில் தெரியவந்த விஷயம். இந்த நஞ்சை அழிக்க 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. புகைந்து புகைந்து எரியும் தெருக்குவியலில் அந்த வெப்பம் நிலைப்பதில்லை.

மூச்சைவிடச் சாப்பாட்டின் வழியாகத்தான் டயாக்ஸின் மனித உடலுக்குள் அதிகம் வருகிறது. புகையோடு போய்ப் புல்லில் படிந்து, ஆட்டின் கொழுப்பில் தங்குகிறது. குப்பைமேட்டைக் கிளறும் கோழியின் முட்டையிலும் சேர்கிறது. மணலில் கருவாடு காயும் நேரத்தில் பக்கத்தில் புகை எழுந்தால், அது போய்ப் படிவது விற்பனைக்குப் போகும் மீனின் மேல்.

திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அக்கம்பக்கத்தாருக்கு அபராதத்தைவிட உதவுவது ஒரு சாக்குப் பைதான். பால் கவரை அலசி இந்த ஊர் வெயிலில் காயவைத்தால் நாற்றமோ புழுவோ வராது. காய்ந்தது சாக்கில் வாரக்கணக்கில் கிடக்கலாம். பழைய வலையையும் கயிற்றையும் சகதி நீக்கித் தனியாக வைத்தால் பழைய பொருள் வியாபாரி எடுத்துக்கொள்வார். மிச்சத்தைத் தூய்மைக் காவலர் வரும் நாளில் கொடுக்கலாம். சருகை மட்டும் தென்னை மூட்டில் குவித்தால் மட்கிவிடும். அதற்குத் தீ தேவையே இல்லை.