தந்தையின் சான்று எங்கே?

கொள்ளுப்பிட்டியில் காலி வீதி வழியே சென்றோர் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் வாயிலில் விசாவுக்காக நின்றவர்களை முன்பு அன்றாடம் கண்டதுண்டு. அவர்கள் சென்று திரும்புவோர். திரும்பி வராதபடி அனுப்பப்பட்ட இன்னொரு கூட்டத்தை இந்நாடு ஏறக்குறைய மறந்துவிட்டது. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. 1948-இல் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்களே அவர்கள். கண்டியிலிருந்த உதவி உயர்ஸ்தானிகராலயம் கொடுத்த இந்தியக் கடவுச்சீட்டும் ஒரு குடும்ப அட்டையுமே அவர்கள் கொண்டுசென்ற பத்திரங்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டில் கல்லூரி வாயிலில் நிற்கிறார்கள். அங்கே அவர்களிடம் கேட்கப்படுவது சாதிச் சான்றிதழ். அதற்கு விண்ணப்பிக்கக் கணினியைத் திறந்தால் முதலிலே கேட்கப்படுவது தந்தையின் சான்றிதழ்.

முறையை முதலில் அறிந்துகொள்வோம். தமிழ்நாடு அரசின் www.tnesevai.tn.gov.in என்னும் தளத்தில், அல்லது ஊரிலுள்ள இ-சேவை மையத்தில், விண்ணப்பதாரர் தம் பெயரைப் பதிந்து CAN எனப்படும் எண் ஒன்றைப் பெற வேண்டும். பின்னர் வருவாய்த்துறைச் சேவைகளில் சாதிச் சான்றுக்கு REV-101 என்பதையும், பிறப்பிடச் சான்றுக்கு REV-102 என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். புகைப்படம், முகவரிச் சான்று, தந்தை அல்லது தாய் அல்லது உடன்பிறந்தோரின் சாதிச் சான்று, பள்ளி மாற்றுச் சான்று, சுய உறுதிமொழி ஆகியவற்றைப் படமெடுத்து ஏற்றி, 60 ரூபாய் கட்டினால் விண்ணப்ப எண் கிடைக்கும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும். அவர் நம்மூர்க் கிராம சேவகரைப் போன்றவர். அவருடைய அறிக்கை வருவாய் ஆய்வாளர் வழியாக மேலே செல்லும். பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியரும், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும், பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியரும் ஒப்பமிடுவர். தந்தையின் சான்று கையில் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதிலே பெரிய தொல்லை ஒன்றுமில்லை.

இனி, கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மாணவி ஒருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவளுடைய பாட்டனாரின் பூர்வீகம் முசிறி வட்டம். தந்தை பதுளைத் தோட்டமொன்றில் 1970-இல் பிறந்து, நான்கு வயதில் பெற்றோருடன் சென்றவர். தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து சுமந்து வளர்ந்தார். சாதிச் சான்று அவருக்கு ஒருநாளும் தேவைப்படவில்லை. தோட்டக் கூலிக்கு யார் அதைக் கேட்டார்கள்? மகள்தான் அக்குடும்பத்தில் முதன்முதலாக அதைக் கேட்கிறாள்.

முகவரிச் சான்றிலே அவளுக்குப் பெரிய இடரில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தமானது. அவர்களிடம் பட்டாவுமில்லை, வரி ரசீதுமில்லை. எனினும் குடும்ப உணவுப் பங்கீட்டு அட்டையும் ஆதாரும் போதும். தந்தை ஓய்வுபெற்று வீட்டை விட்டு வெளியேறும் நாளில் அந்த முகவரியும் போய்விடும். ஆதலால் அதற்கு முன்னரே விண்ணப்பித்துவிடுவது நல்லது. பிறப்பிடச் சான்றும் அவளுக்கு அவ்வளவு அவசரமன்று. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் பொறியியல் சேர்க்கையில் அதைக் கேட்பதில்லை.

இடர் முழுவதும் தந்தையின் சான்று என்னும் அந்த ஓர் இடத்திலேதான். அவரிடம் இருப்பவை மூன்று பத்திரங்கள். இலங்கைப் பிறப்புப் பதிவிலே பெற்றோரின் இனம் "இந்தியத் தமிழர்" என்று மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. சாதிக்கு அதில் இடமே இல்லை. இந்தியக் கடவுச்சீட்டும் சாதியைச் சொல்லாது. மூன்றாவதான பள்ளி மாற்றுச் சான்றில் சாதி உண்டு. ஆனால் அது பெற்றோர் சொன்னதைத் தலைமையாசிரியர் எழுதிக்கொண்டது. இலங்கையில் இவர்களை இந்தியர் என்று எழுதித் தள்ளினார்கள். இந்தியாவிலோ, எந்த இந்தியர் என்று கேட்டு நிறுத்துகிறார்கள்!

இந்நிலையில் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. தந்தையின் சான்றுக்குரிய இடத்தில் கடவுச்சீட்டின் படத்தை ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். ஏற்றும் கோப்பின் அளவுக்கு எல்லை இருப்பதால், மங்கிய பழைய எழுத்து சுருக்கப்பட்டு மேலும் மங்கிவிடும். "பெற்றோர் சான்று இணைக்கப்படவில்லை" என்ற ஒரு வரியோடு விண்ணப்பம் தள்ளுபடியாகும். கட்டிய பணமும் போகும்.

செய்யவேண்டியது வேறு. முதலில் தந்தையின் பெயரிலேயே விண்ணப்பம் போடவேண்டும். அவருக்குச் சான்று கிடைத்தால் மகளுக்கும், அவள் தம்பி தங்கையருக்கும் வழி திறந்துவிடும். தந்தையின் விண்ணப்பத்துக்கு உறவுச் சங்கிலியின் இரண்டு கண்ணிகளை மெய்ப்பிக்க வேண்டும். பாட்டனார்க்கும் தந்தைக்கும் உள்ள உறவை அந்தப் பழைய கடவுச்சீட்டே காட்டும். அக்காலத்தில் சிறு பிள்ளைகளின் பெயரைப் பெற்றோரின் கடவுச்சீட்டிலேயே எழுதினார்கள். பாட்டனார்க்கும் முசிறிக்கும் உள்ள உறவுக்கு, ஊரிலே தங்கிவிட்ட அவருடைய உடன்பிறந்தார் வழியில் யாரேனும் ஒருவரின் சாதிச் சான்றும், அவ்வூர்க் கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையும் வேண்டும். இவற்றின் அசல்களை எடுத்துக்கொண்டு வட்டாட்சியரை நேரில் கண்டு, முசிறி வட்டாட்சியரிடம் விசாரணை அறிக்கை கேட்குமாறு எழுத்தில் மனுக்கொடுக்க வேண்டும். கணினி இந்தக் கடிதத்தைத் தானாக எழுதாது. பெயரெழுத்து வேறுபாட்டையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய "பெரியசாமி" ஒன்று. ஆதாரிலுள்ள "பெரியசாமி" வேறொன்று.

ஊரிலே உறவினர் எவரும் அகப்படாவிட்டால்? மூன்று தலைமுறை கழிந்த பின்னர் இது வியப்பன்று. அப்போது, அதே ஊரிலிருந்து வந்து அக்கம்பக்கத்தில் வாழ்வோரின் வாக்குமூலமும், கொண்டு கொடுத்த குடும்பங்களின் சான்றுகளுமே துணை. அவற்றை ஏற்பதும் தள்ளுவதும் வட்டாட்சியரின் மனத்தைப் பொறுத்தது. தள்ளினால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் எழுத்தில் முறையிட வேண்டும். பட்டியல் சாதியினர்க்கு இதிலே மேலும் ஒரு முள் உண்டு. குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதி ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாளில் குடும்பத்தின் நிலையான இருப்பிடம் எது என்று கேட்கப்படும். அந்நாளில் பாட்டனார் பதுளையிலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்!

இவ்விடத்தில் எமது கருத்தை மறைக்க விரும்பவில்லை. அவர் பதுளையில் இருந்தது தாயகத்தைத் துறந்ததற்கு அடையாளமென்றால், 1964-இல் டில்லி அரசு அவரைத் தன் மக்களென்று எவ்வாறு ஏற்றது? ஒப்பந்தத்துக்கு இந்தியர், ஒதுக்கீட்டுக்கு அந்நியர் என்று இரு கணக்கு வைக்க எந்த அரசுக்கும் உரிமையில்லை. போலிச் சான்று பெறுவோரைத் தடுக்க விசாரணை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது விசாரணையை. விசாரணையின்றித் தள்ளுவதையே எதிர்க்கிறோம். தாயகம் திரும்பியோரின் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் REV-101 விண்ணப்பத்தில் ஏற்கத்தக்க பத்திரங்களாகப் பெயர்சொல்லிச் சேர்க்கப்பட வேண்டும். பெற்றோர் சான்று இல்லாத அவர்களுடைய விண்ணப்பங்கள் பூர்வீக வட்டத்துக்கு அனுப்பி விசாரிக்கப்பட வேண்டும். சென்னைக் கோட்டை ஓர் ஆணையால் இதனைச் செய்துவிடலாம்.

இங்கே இருக்கும் உறவினர்க்கும் ஒரு வேலையுண்டு. பதுளையிலும் அட்டனிலும் தங்கிவிட்ட அண்ணன் தம்பி வீடுகளில், ஊரிலிருந்து பாட்டனார்க்கு வந்த கடிதங்கள் தகரப் பெட்டிக்குள் கிடக்கக் கூடும். உறையின் மேலுள்ள கிராமத்தின் பெயரே முசிறியில் எந்த அலுவலரைத் தேடிப்போவது என்பதைக் காட்டிவிடும். பிறப்புப் பதிவின் பிரதியை, பிறப்புப் பதிவான பிரதேசத்தின் செயலகத்தில் பெறலாம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவது மே மாதத்தில். சேர்க்கைக்குரிய நாட்கள் அதனை ஒட்டியே வந்து போய்விடும்; அதற்குள் சான்று கிடையாத பெண் பொதுப்பிரிவிலேயே எண்ணப்படுவாள். ஆகையால் அப்பெட்டியை இந்தத் தைக்குள் திறந்து பாருங்கள்.