ஆணா, பெண்ணா? சட்டைக்குத் தெரிய வேண்டாம்!

குழந்தைத் துணி எடுக்கக் கடைக்குப் போனால், கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பையனா, பெண்ணா?" என்பதுதான். பையன் என்றால் நீலம் வந்து விழும். பெண் என்றால் ரோஸ் வந்து விழும். "இன்னும் பிறக்கவில்லை" என்று சொன்னால், பாவம், அவர் திகைத்துப் போவார். கடைசியில் சாம்பல் நிறத்திலோ, சந்தன நிறத்திலோ ஒன்றை எடுத்து நீட்டுவார்.

நம் நாட்டில் பிறக்கும் முன்பே ஆணா, பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை 1994-ல் இயற்றிய சட்டம் தடுக்கிறது. அது நல்ல சட்டம். குழந்தை பிறக்கும் முன் துணி எடுக்கக் கூடாது என்று எண்ணும் வீடுகளும் நம்மிடம் பல உண்டு. ஆனாலும் தூரத்திலிருந்து பரிசு அனுப்புகிறவர்கள் முன்னாடியே வாங்கித்தானே ஆக வேண்டும்? மேலும், முதல் குழந்தையின் சட்டை இரண்டாவது குழந்தைக்கும் ஆகிறது என்றால் வீட்டுக்கு எவ்வளவு செலவு மிச்சம்! அக்காளின் ரோஸ் சட்டையைத் தம்பிக்குப் போட மனமில்லாமல் பெட்டியிலேயே பூட்டி வைக்கிற வீடுகள் உண்டு. அந்தச் சட்டையை அக்காள் போட்டதோ மூன்றே மாதம்!

இந்த ரோஸ், நீலக் கணக்கு நம் பாட்டிமார் வகுத்ததல்ல. மேல்நாட்டிலிருந்து வந்தது. அங்கேயும் அது பழைய வழக்கமல்ல. 1918-ல் அமெரிக்காவில் குழந்தை உடை வியாபாரிகளுக்கான பத்திரிகை ஒன்று, ரோஸ் அழுத்தமான நிறம், அதனால் பையனுக்கு ஏற்றது. நீலம் மென்மையானது, அதனால் பெண்ணுக்கு ஏற்றது என்று எழுதிற்று! இன்று அது தலைகீழாகிவிட்டது. ஆகவே இதைப் பெரிய சாஸ்திரமாக நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் ரோஸும் நீலமும் வேண்டாம் என்றவுடன் சாம்பலுக்கும் வெளிறிய சந்தனத்துக்கும் ஓடுவது சரியல்ல என்பது என் கருத்து. வீட்டுக்குக் குழந்தை வந்திருக்கிறது. துணியில் ஒரு களை வேண்டாமா? பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். வெளிறிய நிறங்களைப் பிரித்துப் பார்க்க அதனால் முடியாது. வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு, வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பு என்று அழுத்தமாக இருந்தால் கண் அங்கே நிற்கும்.

நம் புடவைக் கடையிலேயே நல்ல நிறங்கள் எத்தனை! மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, கனகாம்பரம், மயில்கழுத்து. இவை ஆணுக்கென்றும் பெண்ணுக்கென்றும் யாரும் பிரித்து வைக்காதவை. நாலு ஜப்லா வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று மாம்பழ மஞ்சள். ஒன்று கிளிப்பச்சை. மூன்றாவது வெள்ளை, அதில் கனகாம்பர நிறத்தில் கரை அல்லது புள்ளி. நாலாவது வெள்ளையில் பச்சைக் கோடு. இரண்டு அழுத்த நிறமும் இரண்டு வெள்ளையும் சேர்ந்தால் கண்ணைக் குத்தாது, சோர்வாகவும் இராது. நாலையும் அழுத்த நிறமாக எடுத்தால் திருவிழாக் கடை போல ஆகிவிடும். கூடவே ஒரு கிலுகிலுப்பை கொடுப்பதானால் அது சிவப்பும் வெள்ளையுமாக இருக்கட்டும். நாலில் இரண்டையாவது ஆறு மாதக் குழந்தை அளவில் எடுங்கள். பிறந்த குழந்தையின் அளவு சில வாரத்தில் பற்றாமல் போகும்.

நிறத்தைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே தங்கமாய்த் தெரிந்த மஞ்சள், வெளியே வந்ததும் வெந்தயமாய்ப் போய்விடும்.

மஞ்சளில் இன்னொரு விஷயம். பிறந்த முதல் இரண்டு வாரத்தில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை காண்பதுண்டு. மஞ்சள் துணியின் சாயல் முகத்தில் விழுந்தால், தோலின் மஞ்சளைக் கண்டுபிடிப்பது கடினமாகும். அந்த நாட்களில் வெள்ளையைப் போட்டு, மஞ்சள் ஜப்லாவைப் பிறகு எடுக்கலாம். முகமோ கண்ணோ மஞ்சளாகத் தெரிந்தால், துணியின் சாயல்தான் என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அழுத்த நிறத்துக்குச் சாயம் போகும் தொல்லை உண்டு. குழந்தை துணியை வாயில் வைத்துச் சப்பும் அல்லவா? வாங்கி வந்ததும் சட்டையின் உள் ஓரத்தை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஒட்டினால் தனியாக அலசிக் காயவைத்து, மறுபடி சோதியுங்கள். மூன்று தடவைக்குப் பிறகும் ஒட்டினால் அந்தச் சட்டை குழந்தைக்கு வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். கடையில் வாங்கிய துணிக்கு அதை நம்ப முடியாது. பரிசாகக் கொடுப்பவர்கள் இந்தச் சோதனையை முடித்து, துவைத்து மடித்துக் கொடுத்தால், பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வேலை குறையும்.