ரவுட்டரில் ஹார்ட் டிஸ்க்: வீட்டோடு நிற்கட்டும்

புதிய ரவுட்டர்கள் பலவற்றின் பின்புறம் ஒரு யு.எஸ்.பி. போர்ட் இருக்கும். அதில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால், போட்டோக்களையும் பாடல்களையும் வீட்டில் உள்ள எல்லோரும் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே திறக்கலாம். இந்த வசதியை அனைவரும் பயன்படுத்த வேண்டும் என்பேன். ஆனால் அது வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 2014 பிப்ரவரியில், ஏசஸ் நிறுவன ரவுட்டர்களில் இணைக்கப்பட்டிருந்த 12,900க்கும் மேற்பட்ட டிஸ்க்குகளுக்குள் வெளியாட்கள் இணையம் வழியாக நுழைந்தனர். டிஸ்க்கை இணையத்தில் பகிரும் வசதியை இயக்கியபோது, முதலில் காட்டப்பட்ட அமைப்பை அப்படியே ஏற்றவர்களின் பைல்கள் யாரும் பார்க்கும்படி திறந்து கிடந்தன. அப்படித் திறந்திருக்கும் என்ற விளக்கமும் திரையில் இல்லை. அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் இது குறித்து நடவடிக்கை எடுத்தது. 2016ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அந்நிறுவனம் 20 ஆண்டுகளுக்கு வெளியார் தணிக்கையை ஏற்க வேண்டியதாயிற்று.

எனவே டிஸ்க்கை இணைத்தவுடன் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்திடுங்கள். அதன் முகவரி ரவுட்டரின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும். முதலில், அதற்குள் நுழைய நிறுவனம் தந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். பின்னர் யு.எஸ்.பி. பிரிவில், பாஸ்வேர்ட் இன்றி எவரும் நுழையும் அனுமதியை நீக்கி, வீட்டாருக்கென ஒரு பெயரும் பாஸ்வேர்டும் தாருங்கள். அங்கே எப்.டி.பி. என்றோ, இணையம் வழி அணுகல் என்றோ இருப்பவற்றை அணைத்துவிடுங்கள். இனி விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் முகவரிக் கட்டத்தில் இவ்வாறு டைப் செய்தால் டிஸ்க் திறக்கும். உங்கள் ரவுட்டரின் எண் வேறாக இருந்தால் அதைத் தாருங்கள்.

```
\\192.168.1.1
```

திறக்கவில்லையா? ரவுட்டர் பழையதாக இருந்து, எஸ்.எம்.பி. 1 என்ற பழைய முறையை மட்டுமே அறிந்திருக்கலாம். அதை விண்டோஸில் இயக்கச் சொல்லி யாரேனும் வழி காட்டினால் ஏற்காதீர்கள். 2017ல் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை வைரஸ், விண்டோஸில் அந்த முறையில் இருந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தியது. அத்தகைய ரவுட்டரில் டிஸ்க்கைப் பகிராமல் இருப்பதே மேல்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்தால், அந்தக் கம்ப்யூட்டர் எழுதக்கூடிய பொது டிஸ்க்கிலும் அது கை வைக்கும். ஆகவே குழந்தைகளுக்குப் படிக்க மட்டும் அனுமதி தந்தால் போதும். முக்கியமான போட்டோக்களின் இன்னொரு நகலை வேறொரு டிஸ்க்கில் எடுத்து, அதை எதிலும் செருகாமல் அலமாரியில் வையுங்கள்.