ஒரு பார்வை 10 காசு! விலைக்கு வாங்கிய கூட்டத்தை அடையாளம் காண்பது எப்படி?

நாகர்கோவில்,

"அண்ணாச்சி, இன்ஸ்டாகிராமிலே ஒரு லட்சம் பேர் என் பின்னாலே இருக்காங்க. உங்க கடையை வீடியோ எடுத்துப் போடுறேன். 10 ஆயிரம் ரூபாய் தாங்க" என்று ஒருவர் வடசேரியில் உங்கள் கடை ஏறினால் என்ன செய்வீர்கள்? பணத்தை எண்ணும் முன் மும்பைக் கதையைக் கேளுங்கள்.

7½ கோடி பார்வை!

2019 ஜூலையில் பாடகர் பாத்ஷாவின் "பாகல்" பாட்டு யூடியூப்பில் வந்தது. 24 மணி நேரத்தில் 7½ கோடி பார்வை என்று சொன்னார்கள். உலக சாதனை என்று பேச்சு. யூடியூப் அதை அறிவிக்கவில்லை.

2020 ஆகஸ்டில் மும்பை போலீசார் அவரைக் கூப்பிட்டு விசாரித்தனர். 72 லட்சம் ரூபாய் கொடுத்து 7 கோடியே 20 லட்சம் பார்வை வாங்கினார் என்றனர். கணக்குப் போட்டால் ஒரு பார்வை 10 காசு! பாத்ஷா இதை அடியோடு மறுத்தார்.

இதில் ஒரு விஷயம் உண்டு. யூடியூப்பிடமே பணம் கட்டி விளம்பரமாக ஓட்டுவது குற்றம் அல்ல. பார்த்தது மனிதர்தான், ஆனால் பாட்டைத் தேடி வந்தவர் அல்ல. அதனால்தான் விளம்பரப் பார்வை 24 மணி நேர சாதனைக் கணக்கில் சேராது என்று 2019 செப்டம்பரில் யூடியூப் அறிவித்தது. போலிப் பார்வை வேறு. அங்கே மனிதனே கிடையாது, கம்ப்யூட்டர்தான் பார்க்கும்.

கேட்க வேண்டியது என்ன?

லைக் குறைவு என்று மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். லைக்கும் விலைக்குக் கிடைக்கிறது. வந்தவரின் போனை உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள். தொழில் கணக்கு என்றால் ரசிகர்கள் எந்த ஊர், எந்த நாடு என்று அதிலேயே தெரியும். மார்த்தாண்டம், தக்கலை இருந்தால் சரி. முன்பின் தெரியாத வெளிநாடாக இருந்தால் உங்கள் கடைக்கு யார் வரப்போகிறார்? படம் பிடித்து அனுப்பினால் நம்பாதீர்கள், அதைத் திருத்தலாம்.

யூடியூப் என்றால் சராசரியாக எத்தனை நேரம் பார்த்தார்கள் என்று கேளுங்கள். 3 நிமிட வீடியோவை 5 செகண்டில் விட்டு ஓடியிருந்தால் சந்தேகம்தான். நாள்வாரிக் கணக்கையும் பாருங்கள். ஒரே ராத்திரியில் 20 ஆயிரம் பேர் ஏறி, மறுநாள் ஒருவர்கூட சேராவிட்டால் விஷயம் புரியும்.

திடீர் சரிவு!

யூடியூப் பார்வைகளைச் சரிபார்த்து, போலியைக் கழித்துவிடும். 2015 வரை இந்தச் சோதனைக்காக எண்ணிக்கை 301-ல் அப்படியே நின்றுவிடும்! இன்ஸ்டாகிராம் 2018 நவம்பர் முதல், ஆள் சேர்க்கும் ஆப்கள் போட்ட போலி லைக்குகளை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறது. காரணம், கூட்டம் சேர்க்க ஆசைப்பட்டவர் தன் பாஸ்வேர்டையே அந்த ஆப்பிடம் கொடுத்திருப்பார். அவர் பெயரிலேயே ஆப் ஊராருக்கெல்லாம் லைக் போடும். வாங்க வந்தவரே சரக்கு ஆகிவிட்டார்!

ஆகவே அண்ணாச்சி, 10 ஆயிரத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். வீடியோ பார்த்து எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்து மீதியைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் கூட்டம் கடைப் படி ஏறாது!