முப்பது வகை காபித்தூள் யாருக்கு?

புது பிராண்டு ஆரம்பிப்பவர்களிடம் இரண்டு வேதவாக்குகள் புழங்குகின்றன. "வகை கூடினால் விற்பனை கூடும்" என்பது ஒன்று. "ஆறுக்கு மேல் வைக்காதே" என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆதாரம், ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000-ல் வெளியிட்ட ஜாம் சோதனை. 24 வகை வைத்த மேஜையில் நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம். ஆனால் 2010-ல் இதுபோன்ற 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம்! இதை மட்டும் வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

மயிலாப்பூரில் ஒரு காபித்தூள் கடை வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். "பீபெர்ரி, இருபது சிக்கரி, கால் கிலோ" என்று மாமி மூச்சு விடாமல் சொல்கிறார். கணக்குப் போட்டால் அங்கே டஜன் கணக்கில் வகை உண்டு. அவர் குழம்பவில்லை, ஏனென்றால் தனக்கு என்ன வேண்டும் என்று வீட்டிலேயே தெரியும். கடைக்காரருக்கும் நஷ்டமில்லை. கையில் இருப்பது இரண்டு மூன்று கொட்டையும் கொஞ்சம் சிக்கரியும்தான்; கேட்ட பிறகே அரைத்துக் கலக்கிறார்.

இதைப் பார்த்துவிட்டு அடையாறில் ஒருவர் பாக்கெட் பிராண்டு தொடங்குவதாக வையுங்கள். இரண்டு கொட்டை, ஐந்து சிக்கரி அளவு, மூன்று எடை. ஆக முப்பது பாக்கெட். முதல் சரக்கு 300 கிலோ என்றால் வகைக்கு 10 கிலோ. அரைக்கிலோ பாக்கெட்டில் அது இருபதே இருபது. நாற்பது கடைக்குப் போட வேண்டுமானால் பாதிக் கடைக்கு அந்த வகையே கிடையாது. சிக்கரி சதவீதத்தைக் கவரில் அச்சிட வேண்டும் என்பது சட்டம், அதனால் ஒவ்வொரு கலவைக்கும் தனிக் கவர். போகாத வகை அலமாரியில் மணம் இழக்கும். அதை வாங்கியவர் "முப்பதில் ஒன்று பழசு" என்றா நினைப்பார்? பிராண்டே மோசம் என்பார்.

ஆரம்பத்துக்கு 80:20 ஒன்று, சிக்கரி இல்லாதது ஒன்று, இரண்டும் 200 கிராமில் மட்டும். அதே 300 கிலோவில் கடைக்கு வகைக்குப் பதினெட்டு பாக்கெட்டாவது போகும். (60:40 கேட்பவர் போய்விடுவாரே? போவார். அந்த நஷ்டம் நிஜம்தான்.)

மூன்றாவது வகை எப்போது? முதல் இரண்டும் மணம் போகுமுன் தீர்ந்து, பல கடைகளில் ஒரே வகையைக் கேட்கும்போது. அப்போதும் தி.நகரில் ஐந்து கடையில் மட்டும் வைத்து, அதே அளவு விற்கும் வேறு ஐந்து கடையோடு ஒப்பிட வேண்டும். பார்க்க வேண்டியது புது வகை எத்தனை போயிற்று என்பதை அல்ல. அந்தக் கடைகளின் மொத்த விற்பனையை. மொத்தம் ஏறாமல் புதுசு மட்டும் போனால், பழைய 80:20 வாங்கியவர்தான் இடம் மாறியிருக்கிறார்.