ஒரே போனுக்கு எத்தனை பெயர் வைப்பீர்கள்?

2021 பிப்ரவரியில் சீனாவில் ரெட்மி கே40 வந்தது. மார்ச்சில் ஐரோப்பாவுக்கு போகோ எஃப்3 வந்தது. ஏப்ரலில் நமக்கு மி 11எக்ஸ். மூன்றும் ஷாவ்மியின் ஒரே போன்! அதே 6.67 அங்குலத் திரை, அதே 4520 எம்ஏஎச் பேட்டரி, அதே ஸ்னாப்டிராகன் 870 சிப். முதுகுக் கண்ணாடியின் கோலமும் பெயரும் மாறின, அவ்வளவுதான்.

விளம்பரம் மறைத்ததை மாடல் எண் காட்டிக்கொடுக்கிறது. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பக்கத்தைப் பாருங்கள். சீனப் போனில் M2012K11AC, ஐரோப்பியப் போனில் M2012K11AG, நம்முடையதில் M2012K11AI. கடைசி ஓர் எழுத்துதான் வேறு. அது சந்தையின் அடையாளம். உள்ளே வைத்த பெயரும் ஒன்றுதான்: alioth, சப்தரிஷி மண்டலத்து நட்சத்திரம் ஒன்றின் பெயர். இந்தியப் போனுக்கான மென்பொருளில் அதுவே aliothin ஆகிறது. லினேஜ் ஓஎஸ் செய்பவர்கள் இந்த மூன்றுக்கும் ஒரே கோப்பைத்தான் தருகிறார்கள், மூன்றிலும் ஓடுகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சிப்பிலும் இதே கதை. 870 என்ற புது எண்ணைக் கேட்டால் புது சிப் என்றுதானே நினைப்போம்? அதன் பாக எண் SM8250-AC. 2019 டிசம்பரில் அறிவித்த 865-இன் எண் SM8250. அதே சிப்பின் வேகத்தை 2.84-லிருந்து 3.2 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிப் புது எண் கொடுத்தார்கள். ஆனால் சிப் ஒன்றாக இருப்பதால் மட்டும் போன் ஒன்றாகிவிடாது. திரை, பேட்டரி, கேமரா, மாடல் எண் எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும்.

என் போனும் இப்படிப் பல பெயரில் விற்றதுதான். எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். திரை உடைந்து சர்வீஸ் கடைக்குப் போனால், “இந்த மாடலுக்கு டிஸ்ப்ளே வர்றதில்ல சார்” என்று திருப்பி அனுப்பினார்கள். அதே டிஸ்ப்ளே இன்னொரு பெயரில் அவர்கள் அலமாரியிலேயே இருந்தது! பெயர் ஒட்டவில்லை என்பதற்காக, நல்ல போனைத் தூக்கிப்போடச் சொல்வது என்ன நியாயம்?

பெயரை நம்பினால் இன்னொரு பக்கமும் அடிவிழும். இங்கே விற்ற போகோ எஃப்3 ஜிடி, போகோ எஃப்3-இன் உறவே இல்லை. அது ரெட்மி கே40 கேமிங் பதிப்பு; உள்ளே மீடியாடெக்கின் டைமன்சிட்டி 1200 சிப், 5065 எம்ஏஎச் பேட்டரி. ‘எஃப்3’ என்று தேடி வாங்கிய உதிரிபாகம் அதில் பொருந்தாது. காசு கொடுத்த நாங்கள் யாரைப் போய்க் கேட்பது?

எத்தனை பெயரில் வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வேறு சந்தைகளில் இதே போனுக்கு வைத்த பெயர்களைப் பெட்டியின் மேலேயே அச்சடியுங்கள். அதுவரை, வாங்குகிறவர்களே, பில்லில் மாடல் எண்ணையும் எழுதித் தரச்சொல்லி வாங்குங்கள்.